தீபாவளிப் பலகாரம் ஆன்லைனில் விற்கிறீர்களா? கடைசித் தேதியை முதலில் குறியுங்கள்



நம் கூட்டமைப்பில் இப்போது பல குழுக்கள் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் பலகாரம் விற்கிறார்கள். மற்ற மாதங்களில் வாரத்துக்கு ஐந்து ஆர்டர், பத்து ஆர்டர் என்று வரும். அதைச் சமாளித்து விடலாம். தீபாவளி வந்தால் நிலைமையே வேறு. ஒரே வாரத்தில் எல்லாரும் கேட்பார்கள். எல்லாருக்கும் ஒரே நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். பண்டிகைக்கு மறுநாள் போய்ச் சேருகிற முறுக்குக்கு மதிப்பே கிடையாது. சேலையாக இருந்தால் பொங்கலுக்கு விற்கலாம். அதிரசத்தைப் பொங்கல் வரை வைத்திருக்க முடியுமா?

அதனால் தீபாவளி விற்பனைக்குத் திட்டம் போடும்போது, "எவ்வளவு செய்யலாம், எவ்வளவு விற்கலாம்" என்று தொடங்கக் கூடாது. "கடைசிப் பெட்டி நம் கையை விட்டு எந்த நாள் போக வேண்டும்" என்பதில்தான் தொடங்க வேண்டும். அந்தத் தேதி தெரிந்தால் எத்தனை பெட்டி செய்ய முடியும், எப்போது ஆர்டரை நிறுத்த வேண்டும், எப்போது விளம்பரம் போட வேண்டும் என்பதெல்லாம் தானாக வந்துவிடும். அதாவது, காலண்டரைப் பின்னாலிருந்து முன்னால் எண்ணி வர வேண்டும்.

இதை ஒரு குழுவை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மதுரைப் பக்கம் ஒரு கிராமம். குழுவில் 12 பேர், அதில் பலகாரம் போடுகிறவர்கள் 6 பேர். இரண்டு அடுப்பு. முறுக்கு 400 கிராம், தட்டை 350 கிராம், அதிரசம் 250 கிராம், ஆக 1 கிலோ பெட்டி. சென்னை, கோவை, திருப்பூர் வாடிக்கையாளர்களுக்குத் தபாலிலும் கூரியரிலும் அனுப்புகிறார்கள். (வெளிமாநிலத்துக்கு விற்பதென்றால் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும். அதை ஆடிட்டரிடம் கேட்டு முடித்த பிறகே செய்யுங்கள். இங்கே தமிழ்நாட்டுக்குள் அனுப்புவதை மட்டும் பார்க்கிறோம்.) விலையும் அளவும் கணக்குக்காகச் சொல்பவை. தேதிக்கு 2025 காலண்டரை எடுத்துக்கொள்வோம். அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை.

பெட்டி எந்த நாள் போய்ச் சேர வேண்டும்?

"தீபாவளிக்கு முந்தின நாள் சேர்ந்தால் போதுமே" என்று தோன்றும். அங்கேதான் பல பேர் தவறுகிறோம். நம் பெட்டியை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் டவுனில் வேலை பார்க்கிற குடும்பங்கள். அவர்கள் தீபாவளிக்குச் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். திங்கள் தீபாவளி என்றால் வெள்ளிக்கிழமை ராத்திரியே பஸ் ஏறிவிடுவார்கள். சனிக்கிழமை தபால்காரர் போய்க் கதவைத் தட்டினால் வீடு பூட்டியிருக்கும். பெட்டி திரும்பி நம்மிடமே வரும்.

ஆகவே நம் கணக்கில் பெட்டி சேர வேண்டிய நாள் 20 இல்லை, 19 இல்லை, வியாழக்கிழமை அக்டோபர் 16. வெள்ளிக்கிழமையை உபரியாக வைத்துக்கொள்கிறோம்.

இனி அங்கிருந்து பின்னால் எண்ணுவோம். சாதாரண நாளில் மதுரையிலிருந்து சென்னைக்கு விரைவுத் தபாலோ கூரியரோ இரண்டு மூன்று நாளில் போய்விடும். பண்டிகை நெருக்கத்தில் எல்லா ஊரிலும் மூட்டை மூட்டையாகப் பார்சல் குவியும். அதனால் இன்னும் இரண்டு நாள் சேர்த்து, ஐந்து வேலை நாள் என்று வைப்போம். ஞாயிற்றுக்கிழமையை எண்ணக் கூடாது. 16-லிருந்து பின்னால் வந்தால் 15, 14, 13, அப்புறம் 12 ஞாயிறு, அதை விட்டுவிட்டு 11, 10. ஐந்து நாள் ஆகிவிட்டது. ஆக, கடைசிப் பெட்டி வெள்ளிக்கிழமை அக்டோபர் 10 அன்று நம் கையை விட்டுப் போயாக வேண்டும். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால்! கேட்கும்போது ரொம்ப முன்கூட்டி மாதிரி இருக்கும். ஆனால் எண்ணிப் பார்த்தால் இதுதான் வருகிறது.

உங்கள் ஊருக்கு ஐந்து நாள் போதாமலும் இருக்கலாம். உள்ளூர்த் தபால் நிலையத்தில் பார்சல் எத்தனை மணிக்கு மூட்டை கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். மதியம் 3 மணிக்கு வண்டி போய்விடுகிறது என்றால், 4 மணிக்கு நீங்கள் கொடுக்கிற பெட்டி மறுநாள்தான் கிளம்பும். போன வருஷத்து ரசீதுகள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். எந்தத் தேதி கொடுத்தோம், எந்தத் தேதி சேர்ந்தது என்பதை விட நல்ல கணக்கு வேறு இல்லை.

நம் அடுப்புக்கு எத்தனை பெட்டி தாங்கும்?

கடைசித் தேதி 10 என்று முடிவாகிவிட்டது. இனி அதற்கு முன்னால் சமைக்க எத்தனை நாள் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பலகாரத்தை ரொம்ப முன்னால் செய்து வைக்க முடியாது. தீபாவளி அன்று வாயில் போட்டால் மொறுமொறு என்று இருக்க வேண்டும். ஆகவே இந்தக் குழு திங்கள் 6 முதல் வியாழன் 9 வரை நான்கு நாள் மட்டும் அடுப்பு மூட்டுகிறது.

நாளுக்கு எவ்வளவு ஆகும்? இதை ஊகத்தில் சொல்லக் கூடாது. செப்டம்பரில் ஒரு நாள் ஆறு பேரும் சேர்ந்து, அதே இரண்டு அடுப்பில், காலை முதல் மாலை வரை சுட்டுப் பார்த்து எடை போடுங்கள். இந்தக் குழுவுக்கு 20 கிலோ வந்தது என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாளில் 80 கிலோ, அதாவது 80 பெட்டி. 80 பெட்டிக்கு முறுக்கு 32 கிலோ, தட்டை 28 கிலோ, அதிரசம் 20 கிலோ. முறுக்கும் தட்டையும் 60 கிலோ, அது முதல் மூன்று நாள் வேலை. அதிரசம் மட்டும் கடைசி நாள். முறுக்கு, தட்டை கூட நாள் தாங்கும். அதிரசம் அந்த அளவு தாங்காது, அதனால்தான் அதைக் கடைசியில் வைக்கிறோம். அதிரசத்துக்குப் பாகு போட்ட மாவு சில நாள் ஊற வேண்டும். ஆகவே அந்த மாவை 4, 5 தேதிகளிலேயே பிசைந்து வைத்துவிட வேண்டும்.

அன்றைக்கே இன்னொன்றையும் அளந்து எழுதுங்கள். ஒரு கிலோ மாவுக்கு எத்தனை கிலோ முறுக்கு வருகிறது, எண்ணெய் எவ்வளவு குறைகிறது? ஒரு கிலோ மாவுக்கு ஒன்றேகால் கிலோ முறுக்கு வந்தால், 32 கிலோ முறுக்குக்கு 26 கிலோ மாவு போதும். இந்தக் கணக்கு இல்லாமல் "எதற்கும் இருக்கட்டும்" என்று 40 கிலோ அரைத்து வைத்தால், தீபாவளிக்கு அப்புறம் அந்த மாவு வண்டு பிடிக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். 80 பெட்டி செய்ய முடியும் என்றால் 80-க்கும் ஆர்டர் எடுக்கலாமா? கூடாது. மின்சாரம் போகும். ஒருத்தருக்குக் காய்ச்சல் வரும். ஒரு ஈடு முறுக்கு கருகும். அனுப்பின பெட்டி நொறுங்கும். ஆகவே இந்தக் குழு 74 பெட்டிக்கு மட்டும் ஆர்டர் எடுக்கிறது. ஆறு பெட்டி கையிருப்பு. அந்த ஆறும் தேவைப்படவில்லை என்றால் தீபாவளிக்கு முன்னாலேயே உள்ளூரில் கொஞ்சம் விலை குறைத்து விற்றுவிடலாம்.

74 ஆனதும் "முடிந்துவிட்டது" என்று சொல்லத் தைரியம் வேண்டும். "அக்கா, எனக்கு மட்டும் ரெண்டு பெட்டி போடுங்களேன்" என்று பழைய வாடிக்கையாளர் கேட்பார். ஆசைப்பட்டு இருபது பேருக்கு "சரி" சொல்லிவிட்டால் நாலு நாள் வேலை ஐந்து நாள் ஆகும். பெட்டி 10-ம் தேதி போகாது, 11-ம் தேதி போகும். அப்போது கெடுவது அந்த இருபது பேர் மட்டும் இல்லை, முன்னாலேயே பணம் கட்டின 74 பேரும்தான்.

சாமான் வாங்குவதும் பணமும்

சாமானை ஒரே தடவையில் வாங்க வேண்டாம். கெடாத சாமானை முன்னால் வாங்குங்கள். அட்டைப் பெட்டி, உள் கவர், டேப், லேபிள் இவற்றைச் செப்டம்பர் நடுவிலேயே வாங்கி வைத்துவிடலாம். பண்டிகை நெருக்கத்தில் பெட்டிக் கடைக்காரரிடமே சரக்கு இருக்காது. அரிசி, உளுந்து ஆகியவற்றைப் பாதி ஆர்டர் வந்ததும் வாங்கலாம். எண்ணெய், வெல்லம், எள் இவற்றில் மீதித் தேவையை ஆர்டர் மூடின மறுநாள், எண்ணிக்கை உறுதியான பிறகு வாங்கலாம். அக்டோபர் 1 ஆயுத பூஜை, 2 விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும். அந்த நாட்களில் மாவு மில், மொத்தக் கடை, தபால் நிலையம் எதையும் நம்பித் திட்டம் போடக் கூடாது.

லேபிளில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண், செய்த தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், எடை, என்னென்ன சேர்ந்திருக்கிறது, குழுவின் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். பதிவு இல்லாத குழு முதலில் அதை வாங்குங்கள். செய்த தேதியை மட்டும் அச்சடிக்க வேண்டாம். இடம் விட்டு, பெட்டி கட்டும் அன்று முத்திரை போடுங்கள்.

இனி பணம். கூலி, சாமான், கேஸ், பெட்டி எல்லாம் சேர்ந்து ஒரு பெட்டிக்கு அடக்கம் 320 ரூபாய், விலை 450 ரூபாய், கூரியர் செலவு வாடிக்கையாளர் தனி என்று வைப்போம். பெட்டிக்கு லாபம் 130 ரூபாய். இந்த 320-ல் ஆறு பேரின் நான்கு நாள் கூலி, நாளுக்கு 400 ரூபாய் வீதம், 9,600 ரூபாய் அடங்கியிருக்கிறது. அதைக் கழித்தால் 80 பெட்டிக்குக் கைக்காசாக முன்னால் தேவைப்படுவது 16,000 ரூபாய். ஆர்டர் கொடுக்கும்போதே முழுப் பணத்தையும் யுபிஐ மூலம் குழுக் கணக்கில் வாங்கினால், முதல் 40 ஆர்டரிலேயே 18,000 ரூபாய் வந்துவிடும். சுழல் நிதியைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் ஒன்று, பெட்டி போய்ச் சேருகிற வரை அது வாடிக்கையாளர் பணம். அதிலிருந்து உள்கடன் கொடுக்கக் கூடாது. இதைத் தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

"பொருள் வந்ததும் காசு கொடுக்கிறேன்" என்று கேட்பவர்களுக்குப் பலகாரத்தில் மட்டும் இல்லை என்று சொல்லுங்கள். கணக்குப் பாருங்கள். அவர் வாங்காமல் பெட்டி திரும்பினால் அடக்கம் 320, போக 80, வர 80, ஆக 480 ரூபாய் நஷ்டம். அந்த ஒரு பெட்டியை ஈடுகட்ட நான்கு பெட்டி லாபம் போய்விடும். திரும்பி வந்த பலகாரத்தை வேறு யாருக்கும் விற்கவும் முடியாது.

விளம்பரம் எப்போது?

அடுப்பு 6-ம் தேதி மூட்ட வேண்டும். சாமான் வாங்கவும் மாவு அரைக்கவும் ஒரு நாள் வேண்டும். ஆகவே ஆர்டர் மூடும் நாள் சனிக்கிழமை அக்டோபர் 4, மாலை 6 மணி. வேண்டுமென்றே 4 என்று வைத்திருக்கிறோம். மாதச் சம்பளக்காரர்களுக்கு முதல் இரண்டு மூன்று தேதிகளில் பணம் கையில் வரும். செப்டம்பர் 30-ல் மூடினால் அவர்களை இழப்போம்.

மூடும் நாள் தெரிந்ததால் திறக்கும் நாளும் தெரிகிறது. மூன்று வாரம் கொடுப்போம், அதாவது செப்டம்பர் 15 திங்கட்கிழமை. அந்த மூன்று வாரத்திலும் ஒரே படத்தைத் தினமும் போட்டுக்கொண்டிருந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது.

முதல் வாரம் பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும். போன வருஷ நோட்டைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனியாக அனுப்புங்கள். "வணக்கம் அக்கா, போன வருஷம் மூன்று பெட்டி வாங்கினீங்க. இந்த வருஷம் 74 பெட்டிதான் செய்கிறோம். உங்களுக்கு எடுத்து வைக்கவா?" என்று கேளுங்கள். இப்படித் தனியாகக் கேட்டால் பதில் வரும். மொத்தமாக அனுப்பும் ஒளிபரப்புப் பட்டியலில் ஒரு சிக்கல் உண்டு. நம்முடைய எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். நீங்கள் நூறு பேருக்கு அனுப்பினதாக நினைப்பீர்கள், முப்பது பேருக்குத்தான் போயிருக்கும். அதனால் வருஷம் முழுக்க எந்த ஆர்டர் வந்தாலும் "எங்க நம்பரைச் சேமித்து வையுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் வாரம் புதியவர்களுக்கு. முன்னால் சொன்ன சோதனை நாளில் எடுத்த படங்கள் இங்கே உதவும். முறுக்கு பிழிகிற கை, எண்ணெயிலிருந்து எடுக்கிற தட்டை, பெட்டியைத் திறந்து காட்டுகிற படம். நம் வீட்டு வெளிச்சத்தில் எடுத்தால் போதும். வேறு எங்கிருந்தோ எடுத்த படத்தைப் போட வேண்டாம். படத்தில் இருப்பது போலப் பெட்டியில் இல்லை என்றால் அது புகாராகத் திரும்பி வரும். ஸ்டேட்டஸ் ஒரு நாளில் மறைந்துவிடும், ஆகவே விலையும் தேதியும் கேட்டலாகிலும் இருக்கட்டும்.

மூன்றாம் வாரம் எண்ணிக்கை. "74-ல் 51 ஆகிவிட்டது, 23 பெட்டி இருக்கிறது, அக்டோபர் 4 மாலை 6 மணி வரை" என்று உண்மையான எண்ணிக்கையை மட்டும் போடுங்கள். 74 ஆன நிமிஷமே விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். மூன்றாம் வாரத் தொடக்கத்தில் 30 பெட்டிக்குக் கூட ஆர்டர் வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம், ஆனால் இரண்டாவது தவணைச் சாமானை வாங்காதீர்கள். வந்த ஆர்டருக்கு மட்டும் சமையுங்கள். இந்த முறையில் இதுதான் நமக்குப் பாதுகாப்பு.

கூரியர் ஆர்டரை மூடினாலும் அடுப்பை மூட வேண்டியதில்லை. 13-ம் தேதிக்கு மேல் நேரில் வந்து வாங்குகிற உள்ளூர்க்காரர்களுக்குத் தனியாகச் செய்யலாம். ஆனால் அதற்குத் தனி நோட்டு, தனிக் கணக்கு.

ஆர்டர் நோட்டும் பெட்டி கட்டுவதும்

ஒவ்வொரு ஆர்டருக்கும் பெயர், பின்கோடுடன் முழு முகவரி, இரண்டு போன் எண் வாங்குங்கள். அதோடு ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: "தீபாவளிக்கு ஊருக்குப் போறீங்களா, எந்தத் தேதி கிளம்புறீங்க?" 15-ம் தேதியே கிளம்புகிறவர் என்றால் ஊர் முகவரிக்கோ, பக்கத்து வீட்டுக்கோ அனுப்பலாம். முகவரியை எழுதினதும் அவருக்கே திருப்பி அனுப்பி "சரிதானே?" என்று கேட்டு, "சரி" என்ற பதிலை அழிக்காமல் வைத்திருங்கள்.

சூட்டோடு பெட்டி கட்டக் கூடாது. 9-ம் தேதி சுட்ட அதிரசம் ராத்திரி முழுக்க ஆறி, எண்ணெய் வடிந்து, 10-ம் தேதி காலையில்தான் கவருக்குள் போக வேண்டும். சூடாக மூடினால் உள்ளே வேர்த்து ஈரம் கோத்துக்கொள்ளும். அதிரசத்தை முறுக்கோடு ஒரே கவரில் போடக் கூடாது. அதிரசத்தின் ஈரத்தை முறுக்கு இழுத்து நமுத்துப் போகும். மூன்றும் மூன்று கவர், ஒவ்வொன்றும் சூட்டில் ஒட்டினது.

பெட்டியை ஒட்டும் முன் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே "கடகட" என்றால் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். கசக்கின தாளைத் திணியுங்கள். அப்புறம் ஒரு மாதிரிப் பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுத் திறந்து பாருங்கள். முறுக்கு நொறுங்கினால் அட்டை போதாது, அல்லது முறுக்கின் சுற்று பெரிதாக இருக்கிறது. அனுப்புகிற முறுக்கைச் சின்னதாகப் பிழிவதே நல்லது. இதே மாதிரிப் பெட்டியைத் தபால் நிலையத்தில் எடை போட்டு, வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய கட்டணத்தையும் செப்டம்பரிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அட்டையும் தாளும் சேர்ந்து 1 கிலோ பெட்டி 1 கிலோவாக இருக்காது.

ஒரே நாளில் 74 பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் தபால் நிலைய அலுவலரும் திணறுவார். இரண்டு நாள் முன்பே சொல்லிவைத்து, காலையில் பாதி, மதியத்துக்குள் பாதி என்று கொடுங்கள். அன்று மாலையே ரசீது எண்ணைப் படம் எடுத்து அவரவருக்கு அனுப்பிவிடுங்கள்.

போன பிறகு, திரும்பி வந்தால்

10-ம் தேதியோடு வேலை முடியவில்லை. 13-ம் தேதி திங்கட்கிழமை காலையில் ஒருவர் உட்கார்ந்து 74 எண்ணையும் போனில் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு நாளாக ஒரே ஊரில் நிற்கிற பெட்டி எது என்று தெரிந்துவிடும். அந்த வாடிக்கையாளர் கேட்கும் முன் நாமே கூப்பிட்டுச் சொல்லி, தபாலிலும் புகார் பதிய வேண்டும். நாம் முந்திக்கொண்டு கூப்பிட்டால் "சரிம்மா, பார்க்கலாம்" என்பார்கள். அவர்கள் முந்திக்கொண்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

சில பேர் விலைப் பட்டியலிலேயே "பொருள் திரும்பப் பெறப்படாது, பணம் தரப்படாது" என்று பெரிதாக எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் பிரச்சினை தீர்ந்துவிடாது. ஆன்லைன் விற்பனைக்கு 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பொருள் கெட்டிருந்தாலோ, காட்டினது போல இல்லாவிட்டாலோ, சொன்ன தேதிக்குப் பிந்திச் சேர்ந்தாலோ விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்க முடியாது. அதனால் வாக்குக் கொடுக்கும்போதே கவனம் வேண்டும். "10-ம் தேதிக்குள் அனுப்பிவிடுவோம், 16-ம் தேதிவாக்கில் எதிர்பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். "தீபாவளிக்குள் நிச்சயம்" என்று சொல்லாதீர்கள்.

நம் குழு எதற்கு என்ன செய்யும் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே நாலு வரியில் அனுப்பிவிடலாம்:

- பெட்டி கிடைத்த அன்றே பிரித்துப் பார்த்து, குறை இருந்தால் படம் அனுப்ப வேண்டும்.
- நாலைந்து முறுக்கு உடைந்திருப்பது வழியில் நடப்பதுதான். பாதிக்கு மேல் நொறுங்கியிருந்தால், நமுத்திருந்தால், கெட்ட வாடை வந்தால் முழுப் பொறுப்பு எங்களுடையது.
- பெட்டி வரவே இல்லை என்றாலும் எங்கள் பொறுப்பு.
- நீங்கள் "சரி" என்று சொன்ன முகவரி தவறாக இருந்தாலோ, வீடு பூட்டியிருந்து பெட்டி திரும்பினாலோ பணம் திருப்ப இயலாது.

பொறுப்பு நம்முடையது என்றால் மாற்றுப் பெட்டியா, பணமா? இங்கேயும் தேதிதான் முடிவு செய்கிறது. 11-ம் தேதி பக்கத்து மாவட்டத்திலிருந்து புகார் வந்தால் கையிருப்புப் பெட்டி ஆறில் ஒன்றை அனுப்பலாம், நேரம் இருக்கிறது. 14-ம் தேதி சென்னையிலிருந்து புகார் வந்தால் மாற்றுப் பெட்டி அனுப்பிப் பிரயோசனமே இல்லை. அதுவும் பூட்டின வீட்டுக்குத்தான் போகும். அன்றே பணத்தைத் திருப்பிவிடுங்கள். ஆகவே இந்தக் குழு, "13-ம் தேதி மதியம் வரை மாற்றுப் பெட்டி, அதற்கு மேல் பணம்" என்று தீர்மானம் போட்டுக்கொள்கிறது. நொறுங்கின பலகாரத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லாதீர்கள். படம் போதும். திரும்பி வர ஆகும் 80 ரூபாயும் வீண்.

தீபாவளி முடிந்த வாரத்தில் ஒரு கூட்டம் போட்டு இந்த நாலு எண்ணையும் நோட்டில் எழுதுங்கள்: எத்தனை பெட்டி அனுப்பினோம், எத்தனை 16-க்குள் சேர்ந்தது, எத்தனை நொறுங்கினது, எத்தனை திரும்பி வந்தது. ஊர் வாரியாக எழுதினால் இன்னும் நல்லது. கோவைக்கு மூன்று நாளில் போய், சென்னைக்கு ஆறு நாள் ஆனது என்று தெரிந்தால், அடுத்த வருஷம் சென்னைக்கு மட்டும் கடைசித் தேதியை இரண்டு நாள் முன்னால் வைக்கலாம்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு காலண்டரைக் கையோடு கொண்டு வாருங்கள். இந்த முறை தீபாவளி என்ன கிழமை, வாடிக்கையாளர் எப்போது ஊருக்குக் கிளம்புவார் என்று பார்த்து, சேர வேண்டிய நாளில் ஒரு வட்டம் போடுங்கள். அங்கிருந்து பின்னால் எண்ணி அனுப்பும் நாள், அடுப்பு மூட்டும் நாள், ஆர்டர் மூடும் நாள், ஆர்டர் திறக்கும் நாள் என்று இன்னும் நாலு வட்டம். ஐந்து வட்டமும் போட்ட பிறகு விலைப் பட்டியலை எழுதத் தொடங்கலாம்.